திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்

2012 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. மேட் ஹோனன் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்துகொண்டு 'வயர்ட்' இதழுக்கு எழுதும் தொழில்நுட்பப் பத்திரிகையாளர். மாலை ஐந்து மணிவாக்கில் அவருடைய ஐபோன் தானாக அணைந்தது. மறுபடி எழுந்தபோது, கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்ததுபோல் வெறும் தொடக்கத் திரையைக் காட்டியது. ஏதோ கோளாறு என்று நினைத்து லேப்டாப்பைத் திறந்தார். ஜிமெயில் பாஸ்வேர்ட் தவறு என்று அது சொன்னது. அடுத்து திரை சாம்பல் நிறமாகி, நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அப்படி ஓர் எண்ணை அவர் வைத்ததே கிடையாது.

அதற்குள் ஐபோன், ஐபேட் இரண்டிலும் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டிருந்தன. லேப்டாப்பிலும் அழிப்பு தொடங்கியிருந்தது. கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருந்தது. ட்விட்டர் கணக்கு வேறொருவர் கையில் இருந்தது. இவ்வளவுக்கும் காரணம், மூன்றே எழுத்து கொண்ட அவருடைய ட்விட்டர் பெயர். அது வேண்டும் என்று சில இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவருடைய பாஸ்வேர்டை யாரும் ஊகிக்கவில்லை, உடைக்கவும் இல்லை. முதலில் அமேசானுக்குப் போன் செய்து, ஹோனன் என்ற பெயரில் பேசி, அவர் கணக்கில் ஒரு கார்டு எண்ணைச் சேர்த்தார்கள். இன்னொரு முறை அழைத்து, அதே கார்டு எண்ணை அடையாளமாகச் சொல்லிக் கணக்குக்குள் நுழைந்தார்கள். அங்கே அவருடைய உண்மையான கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன. அந்த நான்கு இலக்கமும் வீட்டு முகவரியும் ஆப்பிளின் உதவி மையத்துக்கு அன்று போதுமானதாக இருந்தது. ஆப்பிள் மின்னஞ்சலுக்கு ஒரு தற்காலிக பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டார்கள். ஜிமெயிலுக்கு மாற்று முகவரி அந்த ஆப்பிள் மின்னஞ்சல். ட்விட்டருக்கு முகவரி அந்த ஜிமெயில். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்ற பொத்தானை வரிசையாக அழுத்திக்கொண்டே போனார்கள். ஆப்பிள் உதவி மையத்துக்குப் பேசியதிலிருந்து லேப்டாப்பை அழிக்கத் தொடங்கியது வரை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூகுள் கணக்கில் இரண்டு கட்ட உள்நுழைவு போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும் என்று ஹோனன் பின்னர் எழுதினார்.

இந்தப் பகுதியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் கணக்குகளை மீட்ட கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஹோனன் பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்திருந்தவர். ஒன்பாஸ்வேர்ட் என்ற செயலியில் எல்லாவற்றையும் சேமித்திருந்தார். அந்தச் சேமிப்பின் நகல் டிராப்பாக்ஸில் இருந்தது. டிராப்பாக்ஸின் பாஸ்வேர்டோ, ஒன்பாஸ்வேர்ட் உருவாக்கிக் கொடுத்த நீண்ட எழுத்துக் குவியல். அதை மனிதரால் நினைவில் வைக்க முடியாது. அது எழுதி வைக்கப்பட்டிருந்த ஒரே இடம் ஒன்பாஸ்வேர்ட். திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். மனைவியின் கணினியில் எப்போதோ டிராப்பாக்ஸைத் திறந்து விட்டிருந்தது நினைவுக்கு வந்ததால் தப்பினார்.

முதல் முறையாக பாஸ்வேர்ட் மேனேஜரும் இரண்டு கட்ட உள்நுழைவும் போடப் போகிறவர்கள் திருடனை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில், சரியாக அமைத்தவர்களை அதிகம் படுத்துவது திருடன் அல்ல, இந்த வட்டம்தான். ஆகவே கருவிகளை விளக்கும்போதே வட்டத்தையும் கூடவே பார்த்துவிடலாம்.

பாஸ்வேர்ட் மேனேஜர் எதற்கு என்பதற்கு நேரான விடை, ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் போடாமல் இருப்பதற்கு. 2012இல் டிராப்பாக்ஸ் ஊழியர் ஒருவர், வேறொரு தளத்திலிருந்து களவுபோன பாஸ்வேர்டையே தன் டிராப்பாக்ஸ் கணக்குக்கும் வைத்திருந்தார். பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருந்த ஒரு கோப்பு அந்த வழியாக வெளியே போனது. லிங்க்ட்இன்னில் அதே ஆண்டு களவாடப்பட்டவை 2016இல் விற்பனைக்கு வந்தபோது, அதில் ஏறத்தாழ 11.7 கோடி கணக்குகளின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் இருந்தன. இப்படிப்பட்ட பட்டியலை வாங்குகிறவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதில்லை. அதே மின்னஞ்சல், அதே பாஸ்வேர்ட் இணையை நூற்றுக்கணக்கான தளங்களில் போட்டுப் பார்க்க நிரல் இருக்கிறது. உங்கள் பாஸ்வேர்ட் எத்தனை கடினமானது என்பது அங்கே எடுபடாது. அது இன்னொரு தளத்திலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மேனேஜர் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக இருபது எழுத்துக் குவியல் ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் மறையாக்கம் செய்த ஒரு பெட்டகத்தில் வைக்கிறது. பெட்டகத்தைத் திறக்க ஒரே ஒரு முதன்மை பாஸ்வேர்ட். லேப்டாப்பில் இது பிரவுசருக்குள் ஒரு சின்னச் சின்னமாக உட்கார்ந்திருக்கும். ஒரு தளத்துக்குப் போனால், முகவரிப் பட்டியில் உள்ள பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்குச் சேமித்ததை மட்டும் நிரப்பித் தரும்.

இந்தக் கடைசி வேலைக்கு உரிய மதிப்பை யாரும் கொடுப்பதில்லை. போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றும். லோகோ, நிறம், எழுத்துரு எல்லாம் அச்சாக இருக்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதை அவசரத்தில் நாம் பார்க்க மாட்டோம். மேனேஜர் படத்தைப் பார்ப்பதில்லை, முகவரியை மட்டும்தான் பார்க்கிறது. வழக்கமாக நிரப்பித் தருகிற இடத்தில் அது பேசாமல் இருந்தால், பெட்டகத்தைத் திறந்து நகல் எடுத்து ஒட்டத்தான் கை போகும். அங்கேதான் கையை நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, நீங்களே முகவரியைத் தட்டிப் போங்கள். சில வங்கித் தளங்கள் தானாக நிரப்புவதைத் தடுத்து வைத்திருக்கின்றன என்பதும் உண்மை. எந்தத் தளம் எப்போதுமே நிரப்ப விடாது, எது இன்று மட்டும் மறுக்கிறது என்பது சில வாரங்களில் பழகிவிடும்.

குரோம் பிரவுசரே பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தருகிறதே, அது போதாதா? எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஒரே சிக்கல், வீட்டில் ஒரு லேப்டாப்பை நாலு பேர் ஒரே விண்டோஸ் கணக்கில் பயன்படுத்தினால், திறந்து கிடக்கும் பிரவுசரில் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் உள்ளே போகலாம். தனி மேனேஜரை, சில நிமிடம் தொடாமல் விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைக்கலாம். இணையத்துக்கே அனுப்ப வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு KeePassXC என்ற இலவசச் செயலி, பெட்டகத்தை உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக வைக்கும். அதற்கு நகல் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, லேப்டாப்பிலும் போனிலும் சேர்ந்து இயங்கும், இலவசத் திட்டமுள்ள Bitwarden வசதி. கீழே அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

முதன்மை பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களையே தாக்குதலாளர்கள் எடுத்துச் சென்றுவிட்டார்கள். உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன; எந்தெந்தத் தளங்களில் கணக்கு என்ற முகவரிகள் மறைக்கப்படாமலே இருந்தன. பெட்டகம் கையில் கிடைத்துவிட்டால், 'மூன்று முறை தவறு, சற்று நேரம் பொறுங்கள்' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. தன் கணினிகளை வைத்து நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருக்கலாம். முதன்மை பாஸ்வேர்ட் வலுவாக இருந்தவர்களின் பெட்டகம் தாங்கும். குழந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும் வைத்தவர்களுடையது தாங்காது.

வலுவும் வேண்டும், நினைவிலும் நிற்க வேண்டும். அதற்குப் பகடை வழி ஒன்று உண்டு. 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் ஐந்து எண்கள் பட்டியலில் ஒரு சொல்லைக் காட்டும். அப்படி ஆறு சொற்கள் எடுத்தால், சாத்தியமான சேர்க்கைகளின் எண்ணிக்கை இரண்டுக்குப் பின்னால் இருபத்து மூன்று சுழியங்கள் அளவுக்குப் போகும். முக்கியம், சொல்லைப் பகடை தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. மனிதர் மனத்தில் தோன்றும் 'தற்செயல்' எல்லாம் ஒரே பாட்டையில்தான் போகும். சினிமா வசனமும் குறளடியும் வேண்டவே வேண்டாம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்ட விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வாழைக்கு ஒரு 'a'வா, இரண்டா, ழகரத்துக்கு 'zh'தானா என்பதை முதல் நாளே முடிவு செய்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எழுத்துக்கூட்டல் தகராறில் வெளியே நிற்க நேர்ந்தால் கேட்க ஆள் கிடையாது. Bitwarden நிறுவனத்திடமே உங்கள் முதன்மை பாஸ்வேர்ட் இருக்காது. அவர்களால் மீட்டுத் தர முடியாது.

இனி ஒருவருக்கு அமைத்துப் பார்ப்போம். திருச்சியில் வீட்டில் டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்டோஸ் லேப்டாப், ஓர் ஆண்ட்ராய்டு போன். ஜிமெயில், வங்கி, மின்வாரியம், ரயில் டிக்கெட், இரண்டு மூன்று கடைகள் என்று நாற்பது கணக்குகள் குரோமில் சேமித்துக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரே பாஸ்வேர்ட்.

முதலில் அவர் மேனேஜரில் கணக்குத் தொடங்கி, முதன்மை பாஸ்வேர்டைத் தாளில் எழுதுகிறார். பிறகு குரோமின் பாஸ்வேர்ட் அமைப்புகளில் இருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கி, மேனேஜருக்குள் ஏற்றுகிறார். இறக்கிய அந்தக் கோப்பில் எதுவும் மறைக்கப்பட்டிருக்காது. நாற்பது பாஸ்வேர்டும் பச்சையாக இருக்கும். வேலை முடிந்ததும் Downloads பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்து Shift + Delete அழுத்தி நீக்க வேண்டும். சாதாரணமாக நீக்கினால் குப்பைத் தொட்டிக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக, குரோமிலிருந்து பழைய சேமிப்பையும் அழித்துவிட்டு, 'சேமிக்கவா?' என்று கேட்பதை நிறுத்தி வைக்கிறார்.

நாற்பதையும் அன்றே மாற்ற உட்கார்ந்தால் பாதியில் வெறுத்துப்போகும். ஜிமெயிலை முதலில் மாற்ற வேண்டும், ஹோனன் கதையில் பார்த்ததுபோல் மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்பு வழியும் அங்கேதான் போய் முடிகிறது. அடுத்து வங்கி. மீதியை, அந்தந்தத் தளத்துக்கு வேறு வேலையாகப் போகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது இரண்டு கட்ட உள்நுழைவு. பாஸ்வேர்ட் நீங்கள் அறிந்தது. இரண்டாவது கட்டம் உங்கள் கையில் இருக்கும் பொருள். வங்கி ஓ.டி.பி. நமக்குப் பழக்கமானதால் இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. குறுஞ்செய்தியில் வரும் எண்ணுக்குச் சில பலவீனங்கள் உண்டு. உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டால் எண் அவர்களுக்குப் போகும். வெளிநாடு போனால் வராமல் போகலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். வங்கி குறுஞ்செய்திதான் தரும் என்றால் நமக்கு வேறு வழியில்லை. ஜிமெயிலுக்கு உண்டு, ஆதென்டிகேட்டர் செயலி.

myaccount.google.com போய், Security பகுதியில் 2-Step Verification என்பதற்குள் Authenticator என்பதைத் தேர்ந்தால், ஒரு க்யூ.ஆர். கோடு திரையில் வரும். அந்தச் சதுரத்துக்குள் இருப்பது ஒரு ரகசிய எண்தான். போன் அதைப் படித்து வைத்துக்கொள்கிறது. கூகுளிடமும் அதே எண் இருக்கிறது. இருவரும் அந்த ரகசியத்தையும் அந்த நேரத்தையும் சேர்த்து, முப்பது விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். எதுவும் அனுப்பப்படுவதில்லை என்பதால் சிக்னல் இல்லாத இடத்திலும் எண் வரும். சரியான எண்ணைப் போட்டும் 'தவறு' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். கையால் நேரம் வைத்த போன்களில் இது அடிக்கடி நடக்கும். தானியங்கி நேரத்துக்கு மாற்றினால் தீரும். க்யூ.ஆர். கோடைப் படம் எடுத்து கேலரியில் வைக்காதீர்கள், அந்தப் படம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் எல்லா எண்களும் இருக்கும்.

இப்போது வட்டத்துக்கு வருவோம். ஆசிரியை ரயிலில் போகிறார். லேப்டாப்பும் போனும் இருந்த பை காணாமல் போகிறது. ஊருக்கு வந்து தம்பியின் கணினியில் உட்காருகிறார். ஜிமெயில் பாஸ்வேர்ட் Bitwarden பெட்டகத்தில் இருக்கிறது. முதன்மை பாஸ்வேர்ட் நினைவில் இருக்கிறது, போடுகிறார். புதிய கணினி என்பதால், இரண்டு கட்ட உள்நுழைவு வைக்காதவர்களிடம் Bitwarden மின்னஞ்சலுக்கு ஓர் எண் அனுப்பி அதைக் கேட்கும். மின்னஞ்சல் என்பது அதே ஜிமெயில். ஜிமெயிலின் பாஸ்வேர்ட் பெட்டகத்துக்குள். அது எப்படியோ கிடைத்தாலும், ஆறு இலக்க எண் காணாமல் போன போனில். கூகுளின் ஆதென்டிகேட்டர் 2023 முதல் அந்த ரகசியங்களைக் கூகுள் கணக்கிலேயே நகல் வைக்க வசதி தருகிறது. கூகுள் கணக்குக்குள் போகத்தானே அந்த எண் வேண்டும். ஹோனன் மாட்டிய அதே இடம். எல்லாம் விதிப்படி சரியாகவே செய்திருக்கிறார், அதனால்தான் மாட்டிக்கொண்டார்.

வழி, ஒரு தாள். அதில் நான்கு விஷயங்கள் வேண்டும்: மேனேஜரின் முதன்மை பாஸ்வேர்ட், ஜிமெயில் பாஸ்வேர்ட், ஜிமெயிலின் மீட்பு எண்கள், மேனேஜரின் மீட்பு எண். 2-Step Verification பக்கத்திலேயே Backup codes என்ற இடத்தில் கூகுள் எட்டு இலக்க எண்கள் பத்துத் தரும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். Bitwarden பெட்டகத்துக்கும் ஆதென்டிகேட்டர் போட்டுவிட்டால் மின்னஞ்சல் எண்ணுக்கு அவசியம் இருக்காது. அங்கே Two-step login பகுதியில் Recovery code என்று நீண்ட எண் ஒன்று கிடைக்கும். இவற்றைக் கையால் எழுதுங்கள் அல்லது அச்செடுங்கள். தாள் லேப்டாப் பைக்குள் போகவே கூடாது. பீரோவில் வீட்டுப் பத்திரங்களோடு ஒன்று, நம்பிக்கையான உடன்பிறப்பின் வீட்டில் ஒட்டிய உறையில் ஒன்று என்று வைத்தால் வெள்ளம், தீ இரண்டுக்கும் தாங்கும். பாஸ்வேர்டை எழுதி வைக்கக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது மானிட்டரில் ஒட்டும் மஞ்சள் துண்டுக்குச் சொன்னது. உங்கள் கணக்கைக் குறிவைக்கும் வெளிநாட்டு நிரலுக்கு உங்கள் பீரோவைத் திறக்கத் தெரியாது.

தாள் வேலை செய்கிறதா என்று அவசரம் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பில் கணக்குகள் திறந்தே இருக்கட்டும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வேறு கணினியிலோ பிரவுசரின் தனிச் சாளரத்திலோ தாளை மட்டும் பார்த்து உள்ளே போய்ப் பாருங்கள். ஜிமெயில் ஆறு இலக்கம் கேட்கும்போது Try another way என்பதை அழுத்தி எட்டு இலக்க எண் ஒன்றைப் போடலாம். உள்ளே போய்விட்டால் அந்த எண்ணை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு தப்பு முதல் ஒத்திகையிலேயே வெளிப்படும். எழுத்து ஓ-வா, சுழியமா என்பதுதான் வழக்கமாக. பாஸ்வேர்டை மாற்றினால் தாளையும் மாற்ற வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நுழைய இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, ஆறு இலக்க எண்ணையே கேட்டு வாங்கிவிடுவது. போலிப் பக்கத்தில் நீங்கள் போடும் பாஸ்வேர்டையும் எண்ணையும் அந்த நொடியே உண்மையான தளத்தில் போட்டுவிடும் நிரல்கள் இருக்கின்றன. முப்பது விநாடி அவர்களுக்குத் தாராளம். இங்கேதான் முன்பு சொன்ன மேனேஜரின் மௌனம் கை கொடுக்கும். பாஸ்கீ என்ற புதிய முறையும், யூ.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவியும் இதற்கு இன்னும் உறுதியான தடை. அவை முகவரி பொருந்தாவிட்டால் பதிலே சொல்லாது, கேட்டாலும் எடுத்துக் கொடுக்க நம்மிடம் எண்ணும் இருக்காது.

இரண்டாவது, பாஸ்வேர்டையும் எண்ணையும் தொடாமலே உள்ளே வருவது. நீங்கள் ஒரு முறை உள்நுழைந்ததும், 'இவர் வந்துவிட்டார்' என்று பிரவுசரில் ஓர் அடையாளக் கோப்பு, குக்கீ, விழுகிறது. அதனால்தான் தினமும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. லேப்டாப்பில் தீய நிரல் புகுந்து அதை நகல் எடுத்துவிட்டால், எடுத்தவர் நீங்களாகவே உள்ளே இருப்பார். 2023 மார்ச்சில் கனடாவின் பிரபல யூடியூப் சேனலான லைனஸ் டெக் டிப்ஸ் இப்படித்தான் சில மணி நேரம் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த இணைப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அவ்வளவுதான். நம் ஊரில் இந்த நிரல்கள் அதிகம் வரும் வாசல், இலவசமாக இறக்கும் திருட்டுச் செயலிகளும் அவற்றைத் திறக்கும் 'கிராக்'குகளும்.

அப்படி நடந்த சந்தேகம் வந்தால் அதே லேப்டாப்பில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். புதியதும் அவர்களுக்கே போகும். போனிலோ வேறு கணினியிலோ கூகுள் கணக்கின் Security பகுதியில் Your devices என்பதைத் திறந்து, தெரியாத கருவிகளையும் அந்த லேப்டாப்பையும் Sign out கொடுத்து வெளியேற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள், பழைய மீட்பு எண்களை ரத்து செய்து புதிய பத்தை எடுங்கள். ஜிமெயில் அமைப்புகளில், உங்கள் கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும் Forwarding ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பைச் சுத்தமாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகே அதில் மேனேஜரைத் திறக்கலாம்.